முதலில் ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். உங்களில் பலர் நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருகிறவர்கள் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

கழுத்து வலி என்று ஊழியர்கள் சொன்னால் அலுவலகங்கள் என்ன செய்கின்றன? 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்று சுவரில் படம் ஒட்டுகின்றன. ஒரு நாள் யோகா வகுப்பு வைக்கின்றன. ஆக, குற்றம் ஊழியருடையது என்று முடிந்துவிடுகிறது. இது அநியாயம். மேஜைமேல் வைத்த வெறும் லேப்டாப்பில் எட்டு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்க யாராலும் முடியாது.

காரணம் எளிது. பள்ளியில் கரும்பலகை சுவரில் இருந்தது, நோட்டு உங்கள் கைக்கு எட்டும் பலகைமேல் இருந்தது. இரண்டையும் ஒன்றாக ஆணியடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லேப்டாப் அப்படித்தான். திரை கண் உயரத்தில் இருக்க வேண்டும். கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை அடிக்கு மேல் தூரம். லேப்டாப்பிலோ இரண்டும் கீல் போட்டு ஒட்டிக்கிடக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிகிறது. நாலைந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் சாயச் சாய, அதைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்கப் பின்கழுத்துத் தசைகளுக்கு. கண்ணுக்கு வசதியாக ஸ்டாண்டில் ஏற்றினால் கை தூக்கி நிற்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது. ஸ்டாண்டை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிற அலுவலகங்கள் வலியைக் கழுத்திலிருந்து மணிக்கட்டுக்கு மாற்றியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அவள் அலுவலகத்தில் விலை உயர்ந்த நாற்காலி கொடுத்திருந்தார்கள். போனிலேயே அளக்கச் சொன்னேன். மேஜை 75 சென்டிமீட்டர். பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால் அவள் முழங்கை 62 சென்டிமீட்டரில். மேஜை அவளுக்கு 13 சென்டிமீட்டர் அதிகம்! தோளைத் தூக்கித்தான் தட்ட முடியும். அந்த நாற்காலி எவ்வளவு விலையானால் என்ன?

மேஜையை அறுக்க முடியாது. அதனால் நாற்காலியை 12 சென்டிமீட்டர் ஏற்றினாள். கால் தொங்கியது, அதே உயரத்துக்குப் பழைய ஃபைல் கட்டுகளைக் காலடியில் வைத்தாள். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கி மேஜைமேல் அருகருகே வைத்தாள். கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கிவிடச் சொன்னேன், அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. பிறகு லேப்டாப்பைப் புத்தகங்கள்மேல் 15 சென்டிமீட்டர் ஏற்றி, கை நீட்டும் தூரத்தில் வைத்தாள். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே வந்தது.

அந்தச் 'சற்றுக் கீழே' முக்கியம். திரையை அதற்குமேல் தூக்கினால் கண் அகலத் திறந்து சீக்கிரம் உலரும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைவு. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டு அதன் கீழ்ப்பகுதி வழியே படிக்கிறவர்கள் திரையை இன்னும் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தாடையைத் தூக்கிப் பார்ப்பீர்கள், கழுத்து மறுபடி பிடிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், முகத்துக்கு நேராகவோ முதுகுக்குப் பின்னாலோ வேண்டாம்.

அடுத்த இரண்டு வாரத்தில் தோள் வலி குறைந்தது என்றாள். எல்லா வலிக்கும் இது மருந்தில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் இரவில் தூக்கம் கலைந்தால் மேஜையைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

'லேப்டாப் என்றால் அப்படித்தான் சார்' என்று சில மேனேஜர்கள் சொல்லலாம். ஐரோப்பியக் கூட்டமைப்பு 1990லேயே, நிலையாக உட்கார்ந்து பார்க்கும் கணினி வேலையில் கீபோர்டு திரையிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டது. பிரிட்டனில் 1993 முதல் ஊழியரின் மேஜையைப் பரிசோதிப்பதும், அவர் கேட்டால் கண் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதும் முதலாளியின் பொறுப்பு. இங்கே கீபோர்டும் மவுஸும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு யோகா வகுப்புக்கு ஆகிற செலவில் எத்தனை மேஜைக்கு வாங்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

உங்களில் பலர் இப்போது பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பத்துப் பேரின் மேஜையையும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வாருங்கள். சுவரில் படம் ஒட்டுவதை அப்புறம் பார்க்கலாம்.