சுகர் 150. ஆனா அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பல. காரணம் ஒரு தாள்

1/ நைட் டியூட்டி. காலை 5.55க்கு ஆம்புலன்ஸ்ல ஒரு அம்மா வந்தாங்க, வயசு அறுபதுக்கு மேல. "எழுப்புனா எந்திரிக்கல சார், பக்கவாதமோன்னு பயந்துட்டோம்" என்றார் மகன். ஆனா அம்மா முழிச்சு உட்கார்ந்து தண்ணி கேட்டாங்க. நாங்க பார்த்த சுகர் 150, பிரஷரும் சரியா இருந்தது. இதை மட்டும் பார்த்தா, மயக்கம் தெளிஞ்சிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பத்தான் தோணும்.

2/ ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் தந்த தாள் வேற கதை சொன்னது.
5.20: சுகர் 38. கிள்ளினா மட்டும் கையை இழுக்கிறார்.
5.25: 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, நரம்பு வழியா.
5.35: கண் திறந்து பெயர் சொல்கிறார். சுகர் 164.
கீழே ஒரு வரி: "கிளிமிபிரைடு மாத்திரை போட்டார், இரவு சாப்பிடவில்லை."

3/ அப்போ நாங்க பார்த்த 150, அவங்க உடம்போட சுகர் இல்ல. ஊசியில போன 25 கிராம் குளுக்கோஸ். அது சீக்கிரம் தீர்ந்துடும். கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க இன்சுலினைச் சுரக்க வைக்கும், கிட்னி பழுதானா இன்னும் நீளும். அட்மிட் பண்ணி, டிரிப் போட்டு, மணிக்கொரு தடவை சுகர் பார்த்தோம். 9.30க்கு மறுபடி 52. வீட்டுக்குப் போயிருந்தா, "தூங்கட்டும்"னு விட்டிருப்பாங்க.

4/ எல்லாத் தாளும் இப்படி வர்றதில்ல. இன்னொரு நாள் வந்த தாள்ல மூணு தடவையும் பிரஷர் 120/80, நாடி 80, ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதினது. நோயாளியோ வியர்த்துக் கொட்டி, 90/60ல இருந்தார். கேட்டா, "வண்டியில ஒரே ஆள் சார், இறக்கும்போதுதான் எழுதினேன்" என்றார் அந்தத் தம்பி. பொய் சொல்லல. ஆனா நினைவுல இருந்து எழுதினா நிஜ நம்பர் வராது, வழக்கமான நம்பர்தான் வரும்.

5/ என் கருத்து: அளக்க முடியலன்னா கட்டத்தைக் காலியா விடுங்க. காலி கட்டம் என்னை மறுபடி அளக்க வைக்கும், 120/80 என்னை ஏமாத்தும். மருந்துக்கு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு, ரெண்டுக்கும் நேரம். கையில க்ளவுஸ் மேல எழுதிட்டு அப்புறம் தாள்ல ஏத்தினாலும் போதும்.

6/ தப்பு எங்க பக்கமும் இருக்கு. தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்புறோம். ஒரு நிமிஷம் அவர் சொல்றதைக் கேட்டுட்டு, எங்க சுவர்க் கடிகாரமும் அவர் போனும் ஒரே நேரம் காட்டுதான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். நான் இப்போ அப்படித்தான்.

7/ வீட்டுக்காரங்களுக்கு: மாத்திரை அட்டையை வண்டியிலேயே கொடுங்க. "கடைசியா எப்போ நல்லா பேசினாங்க, எப்போ சாப்பிட்டாங்க"ன்னு நேரத்தோட சொல்லுங்க. அந்த அம்மாவோட தாள்ல கடைசி வரி, மருமகள் சொன்னது.