பத்து வார்த்தை மனப்பாடம் என்னும் பம்மாத்து!

கரும்பலகையின் இடது பக்கம் பத்து ஆங்கில வார்த்தை. வலது பக்கம் பத்து தமிழ் அர்த்தம். "நாளைக்கு ஒப்பிக்கணும், தவறினால் அஞ்சு தடவை இம்போசிஷன்!" தமிழ்வழிப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலச் சொல்வளப் பாடம் என்பது இவ்வளவுதான். மறுநாள் மாணவன் ஒப்பிக்கிறான். அடுத்த மாதம் கேட்டால் முழிக்கிறான். உடனே "பையனுக்கு இங்கிலீஷ் வராது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். வராதது பையனுக்கா, பாடத்துக்கா?

லென்ட், பாரோ என்ற இரண்டு வார்த்தைகளை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் "லென்ட் - கடன் கொடு, பாரோ - கடன் வாங்கு" என்று அடுத்தடுத்து இருக்கும். தமிழில் கடன், இரவல் என்ற சொல் அப்படியே நிற்கும். கொடு, வாங்கு என்பதுதான் திசையைக் காட்டும். ஆங்கிலத்திலோ திசை வார்த்தைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மாணவன் மனதில் "கடன்" தங்குகிறது, திசை நழுவிவிடுகிறது. அதனால்தான் "கேன் யூ பாரோ மீ எ பென்?" என்று கேட்கிறான். இது அவனுடைய மந்தம் அல்ல, பட்டியல் செய்த வேலை! நெருங்கிய பொருளுள்ள புதுச்சொற்களை ஒன்றாகக் கற்பித்தால் ஒன்றோடொன்று குழம்பும் என்று தாமஸ் டிங்காமின் ஆய்வுகள் 1990களிலேயே காட்டிவிட்டன.

அப்படியானால் எப்படி நடத்துவது? முதல் வாரம் லென்ட் மட்டும் போதும். முதலில் சூழல் வேண்டும். கவிதாவின் பேனா எழுதவில்லை. ரவியிடம் இரண்டு பேனா இருக்கிறது. ரவி லென்ட்ஸ் கவிதா எ பென். தேர்வு முடிந்ததும் அவள் திருப்பித் தருகிறாள். இதை எளிய ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். லென்ட் தவிர மற்ற எல்லா வார்த்தையும் மாணவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருப்பது அவசியம். பிறகு இரண்டு கேள்விகள்: பேனா இப்போது யாரிடம்? அது யாருக்குச் சொந்தம்? பதில் சரியாக வந்தபின் தமிழ் அர்த்தத்தைச் சொல்லி உறுதிப்படுத்தலாம். தமிழைத் தீண்டாமை செய்ய வேண்டியதில்லை, முந்திக்கொண்டு சொல்லாமல் இருந்தால் போதும்.

அடுத்தது சைகை. கையை நெஞ்சிலிருந்து வெளியே நீட்டி, பின் விரலைத் தன் பக்கம் வளைத்துக் காட்ட வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் அது வெறும் "கிவ்" ஆகிவிடும். இங்கே ஒரு பொறி உண்டு. ஆசிரியர் வகுப்பைப் பார்த்து நின்று கையை நீட்டினால், மாணவன் கண்ணுக்கு அது தன்னை நோக்கி வரும் கை! அவன் அதை "வாங்குவது" என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு மாணவர்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் செய்ய வைக்க வேண்டும், வகுப்பு முழுவதும் வாயால் சொல்லிக்கொண்டே கையால் செய்ய வேண்டும். "ஹானஸ்ட்" போன்ற வார்த்தைக்குச் சைகை தேடி அலைவது வீண்; அங்கே நல்ல சூழலே போதும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: இடைவெளி விட்டு நினைவுகூரச் செய்வது. அதே வகுப்பில் பத்து நிமிடம் கழித்து, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று கேட்க வேண்டும். காட்டிவிட்டுக் கேட்பதல்ல, கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருப்பது. தவறினால் அந்த வார்த்தை மறுநாள் கணக்குக்குத் திரும்பும். 2008ல் கார்பிக், ரோடிகர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலி வார்த்தைகளைக் கற்பித்தார்கள். சரியாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். சோதனையை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு! பலகையைப் பார்த்து ஐந்து தடவை எழுதும் இம்போசிஷன் எந்தப் பக்கம் சேரும் என்று சொல்லவும் வேண்டுமோ?

லென்ட் நிலைத்த பிறகே பாரோ. அப்போது "கேன் யூ ___ மீ யுவர் அம்பரெல்லா?" என்று கோடிட்ட இடம் கொடுத்துப் பார்க்கலாம். அர்த்தம் சொல்லத் தெரிந்தும் இங்கே தவறினால் சூழல் போதவில்லை. கையை அசைத்தால் மட்டும் வார்த்தை வருகிறதென்றால் சைகை ஊன்றுகோலாகிவிட்டது. அதை விலக்கி வாக்கியத்தை மட்டும் தர வேண்டும்.

"இப்படி நடத்தினால் போர்ஷன் முடியாதே" என்பார்கள். பழைய வார்த்தைகளைக் கேட்க வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். புது வார்த்தைகள் பத்துக்குப் பதில் மூன்றோ நான்கோதான் நடக்கும், உண்மைதான். ஆனால் மறந்துபோன பத்து வார்த்தையை எந்தப் போர்ஷன் கணக்கில் எழுதுவது?