ரேபிட் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்றால் மலேரியா இல்லையா? கிட் எங்கே போதும், நுண்ணோக்கி எங்கே கட்டாயம்?

"ரேபிட் டெஸ்ட்ல நெகட்டிவ்தான், மலேரியா எல்லாம் இல்லை." குளிர்காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பல நேரங்களில் அது சரியாகவே இருக்கும். ஆனால், அந்த கிட் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரிந்துகொண்டால், அந்தப் பதிலை எப்போது அப்படியே நம்பலாம், எப்போது ரத்தத் தடவல் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

திண்டுக்கல்லுக்கு இந்தக் கேள்வி இரண்டு காரணங்களால் முக்கியம். தமிழகத்தில் பதிவாகும் மலேரியாவில் பெரும்பகுதி 'வைவாக்ஸ்' வகை. ஊருக்குள் அதைப் பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு, கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுவது. இன்னொரு பக்கம், திண்டுக்கல், வேடசந்தூர் பகுதி நூற்பாலைகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரில் உயிருக்கே ஆபத்தான 'ஃபால்சிபாரம்' வகை அதிகம். ஆக, இரண்டு வகையும் வந்து நிற்கக்கூடிய ஊர் இது. கிட் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அந்தக் கோடு எப்படி வருகிறது?

ரேபிட் கிட் மலேரியா கிருமியைத் தேடுவதில்லை. கிருமி ரத்தத்தில் விட்டுச்செல்லும் புரதத்தைத் தேடுகிறது. அந்தப் புரதத்தைத்தான் ஆன்டிஜென் என்கிறோம்.

விரலில் குத்தி எடுத்த சுமார் 5 மைக்ரோலிட்டர் ரத்தத்தை, அதாவது ஒரு சொட்டில் சிறு பகுதியை, கிட்டின் குழியில் விடுவார்கள். பிறகு ஊற்றும் திரவம் ரத்த அணுக்களை உடைத்து, உள்ளே இருக்கும் புரதத்தை வெளியே கொண்டுவரும். பட்டையில் தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள் காத்திருக்கின்றன. புரதம் இருந்தால் அவை அதைப் பிடித்துக்கொண்டு பட்டையில் நகரும். வழியில் இருக்கும் இன்னொரு ஆன்டிபாடி வரிசை அதைத் தடுத்து நிறுத்தும். அங்கே குவியும் தங்கத் துகள்கள்தான் நம் கண்ணுக்கு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிகின்றன.

நம் நாட்டில் பயன்படும் இருவகை கிட்டில் ஃபால்சிபாரத்துக்கு எச்.ஆர்.பி.2 என்ற புரதமும், வைவாக்ஸுக்கு பி.எல்.டி.எச் என்ற புரதமும் பார்க்கப்படுகின்றன. மூன்றாவதாக ஒரு கன்ட்ரோல் கோடு உண்டு. அது வந்தால் திரவம் பட்டையில் சரியாக ஓடியது என்று மட்டுமே அர்த்தம். போதுமான ரத்தம் விடப்பட்டதா என்பதை அது சொல்லாது. உறையில் குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்தில், படித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்து, புதிதாக ஒரு கோடு தெரிகிறதே என்று பதறக் கூடாது.

நெகட்டிவ் எங்கே ஏமாற்றும்?

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 200 கிருமிகளாவது இருந்தால்தான் கிட் நம்பகமாகக் கோடு காட்டும். தேர்ந்த லேப் டெக்னீஷியன் நுண்ணோக்கியில் அதைவிடக் குறைவான எண்ணிக்கையையும் பிடித்துவிடுவார். வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களில் மட்டுமே நுழைவதால், ரத்தத்தில் அதன் எண்ணிக்கை பொதுவாகக் குறைவு. அதாவது, நம் பக்கம் அதிகம் காணப்படும் வகையில்தான் கிட் தவறவிடும் வாய்ப்பும் அதிகம். பல கிட்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று உறையிலேயே போட்டிருக்கும். கோடை வெயிலில் பைக் பையில் கிடந்த கிட்டை எவ்வளவு நம்புவது?

ஃபால்சிபாரத்தில் சிக்கல் வேறு மாதிரி. சில கிருமிகளில் எச்.ஆர்.பி.2 புரதத்துக்கான மரபணுவே இல்லாமல் போயிருக்கிறது. தேட வேண்டிய புரதமே இல்லையென்றால், எவ்வளவு கிருமி இருந்தாலும் கிட் அமைதியாக இருக்கும். பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இது 2010இல் தெரியவந்தது. இந்தியாவில் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் உட்பட 8 மாநிலங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, குறைந்த அளவில் இங்கேயும் இது இருப்பதைக் காட்டியது. இதனால் தவறவிடப்படும் நோயாளிகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் கிட்டையே மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

எனவே, விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல் தொடர்ந்தாலோ, மலேரியா அதிகமுள்ள ஊருக்குப் போய்வந்தவர் என்றாலோ, ஒரு நெகட்டிவ் கோட்டோடு நிறுத்தக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் ரத்தத் தடவலைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

பாசிட்டிவும் குழப்பும்

ஓர் உதாரணம். வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர் ஊருக்குப் போய்த் திரும்பியதும் காய்ச்சலில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிட் ஃபால்சிபாரம் என்று காட்டுகிறது. கூடவே எடுத்த தடவலில், 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிப்பதற்குள் 60 கிருமிகள் தெரிகின்றன. ஒரு மைக்ரோலிட்டரில் 8,000 வெள்ளையணுக்கள் என்பது பொதுக் கணக்கு. 60ஐ 8,000ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால், மைக்ரோலிட்டருக்கு 2,400 கிருமிகள். மூன்று நாள் மாத்திரை கொடுக்கிறார்கள். காய்ச்சல் விடுகிறது.

பத்தாம் நாள் மறுபடி காய்ச்சல். இந்த முறை டவுனில் ஒரு கிளினிக்கில் கிட் போட்டுப் பார்த்தால், மறுபடியும் அதே கோடு. அப்போ மருந்து கேட்கவில்லையா?

கிட்டை வைத்து இதைச் சொல்லவே முடியாது. கிருமி செத்த பிறகும் எச்.ஆர்.பி.2 புரதம் பல வாரங்கள் ரத்தத்தில் தங்கும். பழைய புரதத்துக்கும் கோடு வரும், உயிரோடு இருக்கும் கிருமிக்கும் அதே கோடுதான் வரும். இங்கே நுண்ணோக்கி மட்டுமே பதில் சொல்லும். தடவலில் கிருமி இல்லையென்றால் இது டெங்குவாகவோ வேறு காய்ச்சலாகவோ இருக்கலாம். மலேரியா மருந்தையே திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தால் உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போகும். ரத்த அணுக்களுக்குள் பெருகும் வடிவில் கிருமி தெரிந்தால் சிகிச்சை பலிக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பிறை வடிவக் கிருமி மட்டும் தெரிந்தால், அது கொசுவுக்குத் தொற்றைக் கடத்தும் பருவம். காய்ச்சலுக்கு அது காரணம் அல்ல.

ஒரே குத்தலில் இரண்டும்

தடவல் முடிவு 24 மணி நேரத்துக்குள் கிடைக்காத இடங்களுக்குத்தான் ரேபிட் கிட் என்பது தேசிய வழிகாட்டுதலின் அடிப்படை. மலைக்கிராமத்திலும், இரவு நேரத்திலும், லேப் டெக்னீஷியன் இல்லாத நிலையத்திலும் அது உயிர் காக்கும் கருவி. சிக்கல், லேப் இருக்கும் டவுனிலேயே 'சீக்கிரம் முடிந்துவிடும்' என்பதற்காகத் தடவலைக் கைவிடுவதில்தான் இருக்கிறது.

இதற்கான வழி ஒன்றும் கஷ்டமானது இல்லை. விரலில் ஒருமுறை குத்தும்போதே கிட்டுக்குக் கொஞ்சம், ஸ்லைடுக்கு இரண்டு சொட்டு எடுத்துவிடலாம். கிட் காட்டும் முடிவை வைத்து அன்றே சிகிச்சை தொடங்கட்டும். ஸ்லைடு லேப்புக்குப் போகட்டும். கிருமி இல்லை என்று எழுதும் முன் தடித்த தடவலில் 100 புலங்களாவது பார்க்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் பொறுமையாக உட்கார வேண்டும். நோயாளிகள் குறையக் குறைய, கிருமியைப் பார்த்துப் பழகிய கண்களும் குறைகின்றன. பழைய ஸ்லைடுகளை வைத்து டெக்னீஷியன்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பதும், அவர்கள் பார்த்த ஸ்லைடுகளை இன்னொருவர் மறுபரிசோதனை செய்வதும் அதனால்தான் தேவை.

நோயாளிகள் பக்கம் கேட்க வேண்டியது ஒன்றுதான். லேப் சீட்டில் வெறும் 'மலேரியா பாசிட்டிவ்' என்று இருந்தால், எந்த வகை, எந்தப் பருவம், எத்தனை கிருமி என்று கேளுங்கள். அந்த மூன்றில் வகையைத்தான் கிட் சொல்லும். மற்ற இரண்டுக்கும் ஸ்லைடு வேண்டும்.