அம்மா 1995-ல் வாங்கிய 10 பவுன்: உண்மையில் எவ்வளவு லாபம்? கணக்கு போடுவது எப்படி?

"அப்போ பவுன் 3,600 ரூபாய்க்கு வாங்கினோம். 2025 மார்ச்ல 67 ஆயிரம்!" தங்கம் விலை ஏறும்போதெல்லாம் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொத்துப் பிரிக்கும் நேரத்தில் இதே பேச்சு சண்டையாகவும் மாறும். "உனக்குத்தான் கல்யாணத்துல 10 பவுன் போட்டாச்சே" என்பார் அண்ணன். அந்த 10 பவுனை எந்த விலைக்குக் கணக்கு வைப்பது? அன்றைய விலைக்கா, இன்றைய விலைக்கா?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். 1995 அக்டோபரில் வாங்கிய 10 பவுன் நகை. கணக்கு முடியும் தேதி 2025 மார்ச் இறுதி. மொத்தம் இருபத்தொன்பதரை வருடம்.

பழைய விலையை எங்கே பிடிப்பது?

வீட்டில் பழைய ரசீது இருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் மும்பை சந்தையின் ஆண்டு சராசரி விலை இருக்கிறது. 1995-96-க்கு அது 10 கிராமுக்கு சுமார் 4,950 ரூபாய்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த 4,950 என்பது 10 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை. 2025 மார்ச் இறுதியில் செய்தியில் வந்த 67 ஆயிரம் என்பது 8 கிராம், 22 காரட் ஆபரணத் தங்கத்தின் விலை. இரண்டையும் நேராக வகுத்தால் விலை பதிமூன்றரை மடங்குதான் ஏறியதாகத் தெரியும். அது தப்பு. 4,950-ஐ 0.916-ஆல் பெருக்கி 22 காரட்டுக்கும், பிறகு 0.8-ஆல் பெருக்கி 8 கிராமுக்கும் கொண்டுவர வேண்டும். அப்போது ஒரு பவுன் சுமார் 3,600 ரூபாய் என்று வரும். 67,000-ஐ 3,600-ஆல் வகுத்தால் 18.6 மடங்கு.

இதை வருட சதவீதமாக மாற்ற, போன் கால்குலேட்டரில் இப்படிப் போட்டால் போதும்:

```
18.6^(1/29.5) - 1
```

விடை 0.104. அதாவது வருடத்துக்குக் கூட்டு வளர்ச்சியாக 10.4 சதவீதம். "18 மடங்கு" என்று கேட்டபோது வந்த மலைப்பு இதில் பாதி குறைந்துவிடும்.

பணவீக்கத்தைக் கழிப்பது

இந்த இருபத்தொன்பதரை வருடத்தில் அரிசி, வாடகை, பஸ் டிக்கெட் எல்லாமும்தான் ஏறியிருக்கிறது. அதை அளக்க, சிம்லாவில் உள்ள தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

1995-96-ல் இதன் சராசரி 313. 2025 மார்ச்சில் 143. என்னது, விலைவாசி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதா? இல்லை. நடுவில் இரண்டு முறை அடிப்படை ஆண்டை மாற்றி, குறியீட்டை மறுபடி 100-லிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். 313 என்பது 1982-ஐ அடிப்படையாகக் கொண்டது, 143 என்பது 2016-ஐ அடிப்படையாகக் கொண்டது. இரண்டையும் சேர்க்க அரசே இணைப்புக் காரணி கொடுத்திருக்கிறது. 2016 வரிசையிலிருந்து 2001 வரிசைக்குப் போக 2.88, அங்கிருந்து 1982 வரிசைக்குப் போக 4.63. ஆக, 143 x 2.88 x 4.63 = சுமார் 1,907. இதை 313-ஆல் வகுத்தால் 6.1 மடங்கு. வருடத்துக்கு 6.3 சதவீதப் பணவீக்கம்.

இந்த இடத்தில் வருமான வரித்துறையின் 'செலவுப் பணவீக்கக் குறியீட்டை'ப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. தேடினால் முதலில் கிடைப்பது அதுதான். ஆனால் விலைவாசி உயர்வில் 75 சதவீதத்தைக் கருத்தில் கொண்டு அதை நிர்ணயிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. வரிக் கணக்குக்காக வந்த எண் அது, வீட்டுச் செலவை அளக்க வந்ததில்லை. அதன்படி பார்த்தால் விலைவாசி 5.5 மடங்குதான் ஏறியிருக்கும். லாபம் கூடுதலாகத் தெரியும்.

இப்போது 18.6-ஐ 6.1-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 3 மடங்கு. வருடத்துக்கு 3.9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 10.4-லிருந்து 6.3-ஐ நேராகக் கழித்து 4.1 என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது.

நகைக்கும் தங்கத்துக்கும் உள்ள தூரம்

இதுவரை போட்டது தங்கத்தின் கணக்கு. அம்மா வாங்கியது நகை. செய்கூலி, சேதாரம் 15 சதவீதம் என்று வைத்தால், 36,000 ரூபாய் தங்கத்துக்கு அன்று கையிலிருந்து போனது 41,400 ரூபாய். அந்த 5,400 திரும்பி வராது.

விற்கப் போனாலும் சிக்கல். ஹால்மார்க் முத்திரை இந்தியாவில் அறிமுகமானதே 2000-ல்தான், கட்டாயமாகத் தொடங்கியது 2021-ல். 1995 நகையை உரசியோ மெஷினில் வைத்தோ பார்த்தால் 22 காரட் என்று வாங்கியது 20 காரட்டாக இருக்கலாம். பற்றவைப்பில் கலந்த பொடி, கல், உள்ளே இருக்கும் மெழுகு எல்லாம் எடையில் கழியும். 80 கிராம் நகை 20 காரட் என்றால், அது 22 காரட் கணக்கில் 72.7 கிராம்தான். 2025 மார்ச் இறுதி விலையில் 6 லட்சத்து 9 ஆயிரம். உருக்குச் சேதாரம் என்று கடை 3 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 5 லட்சத்து 90 ஆயிரம்.

41,400 கொடுத்து 5.9 லட்சம் வாங்கினால் 14.3 மடங்கு. பணவீக்கம் போக 2.3 மடங்கு, வருடத்துக்கு 2.9 சதவீதம். வரி கட்ட வேண்டியவராக இருந்தால் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் உண்டு. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்கும் தங்கத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. விலைவாசியால் வீங்கிய தொகைக்கும் சேர்த்துத்தான் வரி. சுமார் 68,600 ரூபாய் போனால் (செஸ் தனி) உண்மையான வருமானம் 2.5 சதவீதத்துக்கு இறங்கும்.

எந்தத் தேதியில் நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். இதே நகையை 2000-01-ல் விற்றிருந்தால்? அந்த ஆண்டு 10 கிராம் சராசரி விலை சுமார் 4,470 ரூபாய்தான், 1995-96-ஐவிடக் குறைவு. அதே ஐந்து வருடத்தில் விலைக் குறியீடு 313-லிருந்து 444-க்குப் போயிருந்தது. அதாவது தங்கத்தின் வாங்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. இன்றைய கணக்கு நன்றாக இருக்கக் காரணம், பெரிய ஏற்றத்துக்குப் பிறகு நின்று பார்ப்பதுதான்.

அண்ணன் கேள்விக்கு என்ன பதில்?

இரண்டு எண்கள் இருக்கின்றன. அப்பா அன்று செலவழித்த 41,400 ரூபாயை 2025 மார்ச் விலைவாசிக்கு மாற்றினால் சுமார் 2 லட்சத்து 52 ஆயிரம். தங்கை 2025 மார்ச் இறுதியில் அந்த நகையை விற்றிருந்தால், வரிக்கு முன் 5 லட்சத்து 90 ஆயிரம். பெற்றோர் யாருக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று பார்ப்பதானால் முதல் எண். அண்ணனின் படிப்புக்கு அன்று கட்டிய பீஸையும் இதே 6.1-ஆல் பெருக்கித்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். பீஸை அன்றைய ரூபாயிலும் நகையை இன்றைய ரூபாயிலும் வைத்துப் பேசுவதில்தான் பாதிச் சண்டையே வருகிறது. தங்கை கையில் இன்று இருக்கும் சொத்து எவ்வளவு என்றால் இரண்டாவது எண். ஆனால் அந்த 67 ஆயிரத்தைப் பத்தால் பெருக்கி 6.7 லட்சம் என்று அண்ணன் சொன்னால், நகையை உரசிப் பார்த்த பிறகு பேசலாம் என்று தங்கை தாராளமாகச் சொல்லலாம்.