பயத்துக்கு எதற்கு மீட்டர்?

திகில் விளையாட்டுகளில் இருக்கும் சேனிட்டி மீட்டர் பயத்தை அளப்பதில்லை. இப்போது பயப்படலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. அறிவித்துவிட்டு வரும் பேய்க்கு யார் பயப்படுவார்கள்?

'அம்னீசியா: த டார்க் டிசென்ட்' (2010) எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். டேனியல் இருட்டில் நின்றால் தெளிவு குறையும், அரக்கனைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் குறையும். புதிரை விடுவித்து முன்னேறினால் திரும்ப ஏறும். குறையக் குறையத் திரை நெளிகிறது, மூச்சு இரைக்கிறது. முதல் ஒரு மணி நேரம் நானும் நடுங்கினேன். அப்புறம் கணக்கு புரிந்துபோகிறது: திரை நெளிந்தால் விளக்கை ஏற்று, எண்ணெய் தீர்கிறதா, மெழுகுவர்த்தியைத் தேடு. பயம் போய் எண்ணெய்ச் செலவு மட்டும் மிச்சம்.

இதைவிடப் பெரிய குறை, அந்த நெளிவே பொய் என்பது. பயந்தவனுக்கு உலகம் மங்குவதில்லை, குறுகிக் கூர்மையாகிறது. மாகறலில் தறி ஓடும்வரை வீட்டில் வேறெதுவும் காதில் விழாது. தறி நின்ற பிறகு பல்லி ஓடுவதுகூடக் கேட்கும். நடுராத்திரியில் மனம் செய்யும் வேலையும் இதுதான்: ஒரே ஒரு சத்தத்தைப் பொறுக்கியெடுத்துப் பெரிதாக்கும். தலைசுற்றலையும் குடிபோதையையும் காட்டும் எஃபெக்டை எடுத்து பயம் என்று பெயர் வைத்தால் எப்படி?

2002இல் கேம்க்யூபில் வந்த 'எடர்னல் டார்க்னெஸ்' இதைவிடப் புத்திசாலி. அரக்கன் உங்களைப் பார்த்தாலே பச்சைக் கோடு குறையும். ரொம்பக் குறைந்தால் விளையாட்டு பாத்திரத்தை விட்டுவிட்டு உங்களைப் பிடிக்கும். டிவியின் வால்யூம் தானாகக் குறைவதுபோல் காட்டும், சேவ் கோப்புகள் அழிவதுபோல் காட்டும். ரிமோட்டைத் தேடிக் கை போகும் அந்த ஒரு நொடியில் கலங்குவது பாத்திரம் இல்லை, நீங்கள். ஆனால் பச்சைக் கோடு அங்கேயும் திரையில்தான் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் கோட்டைப் பார்த்தவன் அடுத்த வித்தையை எதிர்பார்த்துவிடுவான். ஒரு தடவை ஏமாந்தவனுக்கு இரண்டாவது தடவை அது ஜோக்.

'ஹெல்பிளேட்' (2017) மீட்டரையே தூக்கி எறிந்தது. செனுவாவின் தலைக்குள் கேட்கும் குரல்களை இரு காதுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். ஹெட்ஃபோன் போட்டால் பின்னால், பக்கத்தில், காதோரத்தில் என்று குரல்கள் இடம் மாறும். ஒரு குரல் கேலி செய்யும், இன்னொன்று பின்னால் எதிரி வருகிறான் என்று எச்சரிக்கும். எதை நம்புவது என்று அளந்து சொல்லத் திரையில் எதுவும் இல்லை, நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரிடமும், நிஜமாகவே குரல்கள் கேட்கிறவர்களிடமும் உட்கார்ந்து பேசிச் செய்த வேலை அது.

வித்தியாசம் இங்கேதான். மீட்டர் வைத்த விளையாட்டில் மனம் கலங்கியவர், எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் ஒரு இயந்திரம். குரல்களைக் கேட்கவைத்த விளையாட்டில் அவர் ஒரு மனுஷி. திரையை நெளியவைப்பது சுலபம் சார். கேட்டதை நம்பலாமா என்று ஒருத்தரைத் திணறவைப்பதுதான் கஷ்டம். அதைச் செய்ய முடியாதவர்கள்தான் மூலையில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.