படுக்கவைத்து எடுத்த படத்தில் காப் கோணம்

கேரளத்தின் கோட்டுகாலில் இருக்கும் ஒரு குடும்பம் மருத்துவத்துக்கு வடக்கே திருவனந்தபுரத்துக்கும் போகலாம், களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவிலுக்கும் வரலாம். அதனால் ஒரே பிள்ளையின் இரண்டு எக்ஸ்ரேக்கள் இரண்டு மாநிலங்களில் எடுக்கப்பட்டு, கடைசியில் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. முதுகெலும்புப் பக்கவளைவில் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். ஏனென்றால் நாம் முடிவெடுப்பது ஒரு படத்தை வைத்து அல்ல, இரண்டு படங்களுக்கு இடையிலான வேறுபாட்டை வைத்து.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பூப்பெய்தவில்லை. பள்ளிச் சீருடை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்று அம்மா முதுகைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வருகிறார். வலது தோள் உயர்ந்திருக்கிறது, வலது தோள்பட்டை எலும்பு புடைத்திருக்கிறது, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. இந்தப் படம் சந்தேகத்தைக் கிளப்பப் போதும், அதற்கு மேல் போதாது. ஒரு முழங்காலை லேசாக மடக்கி நின்றாலே தோள் சாய்ந்துவிடும். கால் நீளத்தில் வித்தியாசம் இருந்தாலும் முதுகு வளையும். உட்காரவைத்தால் அந்த வளைவு மறைந்துவிடும். அசல் பக்கவளைவில் எலும்புகள் சாய்வதோடு நிற்காமல் திருகவும் செய்கின்றன. அதைக் காண, கால்களைச் சேர்த்து, முழங்காலை நிமிர்த்தி, உள்ளங்கைகளை இணைத்துக் குனியச் சொல்ல வேண்டும். 1865இல் வில்லியம் ஆடம்ஸ் விவரித்த சோதனை இது. இந்தப் பெண் குனிந்தபோது வலது விலா மேடிடுகிறது. ஸ்கோலியோமீட்டர் 8 பாகை காட்டுகிறது. 7 பாகை வந்தாலே எக்ஸ்ரே எடுப்பது பொதுவான வழக்கம்.

முதல் எக்ஸ்ரே நின்றபடி எடுக்கப்பட்டது. வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் எந்த எலும்பு மிக அதிகமாகச் சாய்ந்திருக்கிறதோ, அவையே முனை எலும்புகள். இங்கே டி5, டி12. டி5இன் மேல்தட்டை ஒட்டி ஒரு கோடு, டி12இன் கீழ்த்தட்டை ஒட்டி ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே 22 பாகை. ஜான் காப் 1948இல் எழுதிய இந்த முறையில் 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்கிறோம்.

ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எடுத்த படத்தில் 21 பாகை. "கூடவில்லை, பயமில்லை" என்று அம்மாவை அனுப்பிவிடுகிறார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பெண் மேசையில் படுத்திருந்திருக்கிறாள். மேல் முனையாக டி6ஐ எடுத்திருக்கிறார்கள்.

படுத்தால் உடலின் பாரம் முதுகில் இறங்காது. வளைவு பத்துப் பாகை வரைகூடக் குறைந்து தெரியும். முனை எலும்பைத் தவறாகத் தேர்ந்தால் ஏற்படும் பிழையும் அதே திசையில்தான் போகும். முனை எலும்புதான் மிகச் சாய்ந்தது என்பதால், அதற்கு அடுத்ததை எடுத்தால் கோணம் குறையுமே தவிரக் கூடாது. இரண்டு பிழையும் சேர்ந்து வளைவை மறைத்துவிட்டன. நிற்கவைத்து மறுபடி எடுத்து, அதே டி5, டி12ஐ வைத்து அளந்தால் 30 பாகை.

ஒரே படத்தை இருவர் அளந்தாலும் 5 பாகை வரை மாறலாம். அதனால் 22க்குப் பின் 25 வந்தால் முற்றுகிறது என்று சொல்லத் துணியமாட்டேன். 8 பாகை அப்படியல்ல, அது உண்மையான ஏற்றம். இடுப்பெலும்பின் விளிம்பில் புதிய எலும்பு இன்னும் தோன்றவில்லை, அதாவது ரிஸ்ஸர் 0. வளர்ச்சி நிறைய மிச்சமிருக்கிறது. 25 முதல் 40 பாகை வரை, வளரும் பிள்ளைக்குப் பட்டை கட்டுவதற்கு 2013இல் வெளியான பிரெய்ஸ்ட் ஆய்வு உறுதியான ஆதாரம் தந்தது. பட்டை கட்டியவர்களில் 72 விழுக்காட்டினரும் கட்டாதவர்களில் 48 விழுக்காட்டினரும் 50 பாகையைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். தினமும் அணிந்த மணிநேரம் கூடக் கூடப் பலனும் கூடியது. வளர்ந்து முடிந்தபின் கட்டும் பட்டைக்கு இந்தப் பலன் இல்லை என்பதால், படுத்த படத்தால் தொலையும் ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

எக்ஸ்ரே கேட்டு எழுதும்போது "முதுகெலும்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நின்றபடி, செருப்பில்லாமல், கழுத்தடியிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை, கதிர் முதுகுப்பக்கமிருந்து என்று எழுதுங்கள். முதுகுப்பக்கக் கதிர் வளரும் மார்பகத்துக்குப் போகும் அளவைக் குறைக்கும்; இந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் படம் எடுக்க வேண்டியிருப்பதால் இது சின்ன விஷயமல்ல. அறிக்கையில் கோணத்தோடு வளைவின் பக்கம், முனை எலும்புகள், ரிஸ்ஸர் நிலை, நின்றதா படுத்ததா என்பதும் வேண்டும். மார்பு வளைவு இடப்பக்கம் இருந்தாலோ, இரவில் எழுப்பும் வலி இருந்தாலோ, வயிற்றுத் தோலைக் கீறும்போது ஒரு பக்கம் மட்டும் தசை சுருங்கினாலோ எம்ஆர்ஐ எடுக்காமல் பட்டைக்கு அளவெடுக்க வேண்டாம். படத்தையும் குடும்பத்தின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த முறை அதே டி5இலிருந்துதான் அளந்தாக வேண்டும்.