அந்தப் பறையை அடித்தது யார்?

மாலைநேரப் பயிற்சி மையத்துப் பிள்ளைகளை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். இசைக்கருவிகள் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பறை. பக்கத்திலிருந்த குறிப்பட்டையை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சத்தமாக வாசித்தாள்:

"பறை. ஒருமுகத் தோற்கருவி (மெம்ப்ரனோஃபோன்). வட்டச் சட்டகம், வேம்பு, பசுத்தோல். விட்டம் 35 செ.மீ. கி.பி. 20ஆம் நூற்றாண்டு. அபரக் கிரியைகளிலும் கிராம தேவதை உற்சவங்களிலும் குறிப்பிட்ட சமூகத்தவரால் பாரம்பரியமாக இசைக்கப்படுவது. ஆதிகாலம் தொட்டு நிலவி வரும் தொன்மையான கருவி."

"அக்கா, அபரக் கிரியைன்னா என்ன?" என்று கேட்டாள். "சாவுச் சடங்கு" என்றோம். அவளுக்குப் பின்னால் நின்ற பையன் எதுவும் கேட்கவில்லை. அவன் தாத்தா பறையடிப்பவர். அவன் மெல்ல நகர்ந்து வீணை இருந்த பக்கம் போய்விட்டான்.

அந்த அட்டையைத் திருத்தி எழுதித் தருவது என்று அன்றே முடிவு செய்தோம். கடினச் சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி முடியவில்லை.

முதலில், எதையெல்லாம் எடுக்கலாம் என்று பார்த்தோம். 'மெம்ப்ரனோஃபோன்' என்பது இசைக்கருவிகளை வகைப்படுத்த ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இருவர் 1914இல் வகுத்த முறையிலிருந்து வருவது. இறுக்கிய தோல் அதிர்ந்து ஓசை தரும் கருவி என்று பொருள். ஆய்வாளருக்கு அது தேவை, அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும். விட்டத்தின் அளவும் அப்படித்தான். பறை கண்ணெதிரே இருக்கிறது, அதன் அகலம் பார்ப்பவருக்கே தெரியும். 'அபரக் கிரியை' என்பது அய்யர் வீட்டுச் சொல். பறையடித்த எந்தத் தெருவிலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'சாவு' போதும்.

அடுத்தது உண்மை. 'ஆதிகாலம் தொட்டு' என்பதை நம்மில் பலர் விரும்புவோம். தொல்காப்பியத்திலேயே பறை இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வோம். இருக்கிறது, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக. ஆனால் அங்கே பறை என்பது முழவுகளுக்கெல்லாம் பொதுப்பெயர், நிலத்துக்கு நிலம் வேறு வேறு பறை. பெட்டிக்குள் இருக்கும் இந்தக் கருவி 20ஆம் நூற்றாண்டில் செய்தது. சொல் பழையது என்பதற்காக இந்த வடிவமும் அத்தனை பழையது என்று எழுதினால், பிறர் வரலாற்றைத் திரிக்கும்போது நாம் கேட்கும் கேள்வியை நம்மிடமே திருப்பிக் கேட்பார்கள். அந்த வரியை எடுத்துவிட்டோம். 'பசுத்தோல்' என்பதையும் மாற்றினோம். தோலைக் கண்ணால் பார்த்துப் பசுவா, காளையா, கன்றா என்று சொல்ல முடியாது. 'மாட்டுத் தோல்' என்பதில் பிழையில்லை.

பிரச்சினை நடுவில் இருந்த வரியில்தான். 'குறிப்பிட்ட சமூகத்தவரால் பாரம்பரியமாக இசைக்கப்படுவது.' இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் எதுவும் புரியாது. எந்தச் சமூகம் என்று இல்லை. அடிக்கச் சொன்னது யார் என்று இல்லை. அடிக்க மறுத்தால் என்ன நடந்தது என்று இல்லை. அடியும் ஊர்விலக்கும் வேலை மறுப்பும் 'பாரம்பரியம்' என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிட்டன. எளிமையாக எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர் பெரும்பாலும் இந்த வரியைத் தொடாமல் விட்டுவிடுவார், ஏனென்றால் அது ஏற்கெனவே எளிமையாகத் தெரிகிறது. 'இசைக்கப்படுவது' என்பதை 'இசைத்தனர்' என்று மாற்றிப் பாருங்கள். உடனே 'யார்?' என்ற கேள்வி வரும். மறைந்திருப்பவரைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அப்படியானால் சாதிப் பெயரை எழுதிவிடலாமா? எங்களுக்குள் இதில் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. பறையர் என்று எழுதினால் அருந்ததியர் அடிக்கும் ஊர்களை விட்டதாகும். இந்தப் பறை எந்த ஊரில், யாரிடமிருந்து பெறப்பட்டது என்பது அட்டையில் இல்லை. அது தெரியாமல் ஒரு சாதியின் பெயரைப் போட்டால், பறை அந்தச் சாதியின் பிறவிக்குணம் போல ஆகிவிடும். ஆகவே பெயருக்குப் பதில் நடந்ததை எழுதினோம்: 'தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள்'. உள்ளாக்கியவர்களையும் எழுதினோம்.

எங்கள் முதல் வரைவு 140 சொற்களைத் தாண்டியது. நூறு ஆண்டுக் கோபத்தையும் அதில் கொட்டியிருந்தோம். நின்றபடி வாசிக்கிறவர் அரை நிமிடம் கொடுத்தாலே அதிகம். ஆங்கில அட்டைகளுக்கு 50, 60 சொற்கள் என்று கணக்கு வைப்பார்கள். தமிழில் ஒரு சொல்லிலேயே வேற்றுமையும் வினையும் ஒட்டிக்கொள்வதால் 45க்குள் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம்.

சுருக்கியதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒருமுறை வாசித்த பின் தாளை மூடிவிட்டு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டோம். "சாவுக்கு அடிக்கிறது" என்றார்கள். நாங்கள் சாவை முதல் வரியில் வைத்திருந்தோம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே மறைந்துபோனது. கண்ணுக்குத் தெரிகிற பொருளிலிருந்து தொடங்கும்படி வரிசையை மாற்றினோம். 'கட்டாயப்படுத்தினர்' என்பதை வாசித்த ஒருத்தி, "இப்ப இல்லையா?" என்று கேட்டாள். எங்கள் இறந்தகாலம் பொய் சொல்லியிருந்தது. ஒரு வரி சேர்ந்தது.

பறையடிக்கும் பெரியவர் ஒருவரிடமும் காட்டினோம். அட்டையை ஒத்துக்கொண்டார். பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "குச்சி எங்க தோழர்? சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் இல்லாம பறைய மட்டும் வச்சா, அது தட்டு மாதிரில்ல இருக்கு" என்றார். குச்சிகளைப் பற்றி நாங்கள் எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டு குச்சிகளையும் பெட்டிக்குள் வைக்கும்படி கடிதத்தில் கேட்டோம். பொருளே காட்டிவிடுவதை அட்டை சொல்ல வேண்டியதில்லை.

தலைப்பு நீங்கலாக 44 சொற்களில் நாங்கள் அனுப்பியது இது:

"பறை
இது மரச் சட்டத்தில் மாட்டுத் தோலை ஒட்டிச் செய்தது. அடிக்கும் முன் தீயில் காய்ச்சினால் தோல் இறுகி, ஓசை கணீரென்று வரும். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களை, ஊராரின் சாவுக்கும் திருவிழாவுக்கும் இதை அடிக்கும்படி ஆதிக்கச் சாதியினர் கட்டாயப்படுத்தினர். அந்தக் கட்டாயம் சில ஊர்களில் இன்றும் ஒழியவில்லை. பலர் மறுத்துப் போராடினர். 1990களில் தலித் இயக்கங்கள் இதைத் தங்கள் விடுதலையின் இசையாக மேடையேற்றின."

இதிலும் குறை உண்டு. பறையை வாழ்வாதாரமாகவும் கலையாகவும் நேசித்து அடித்தவர்களுக்கு இதில் இடம் போதவில்லை. அதற்கு இன்னோர் அட்டை வேண்டும், அதை எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான். 'அரசியல் பேசுகிறது' என்று சிலர் சொல்லக்கூடும். 'குறிப்பிட்ட சமூகத்தவர்' என்று எழுதியதும் அரசியல்தான். அதை வாசித்து ஒரு பையன் நகர்ந்து போனான்.

அருங்காட்சியகத்திடமிருந்து இதுவரை பதில் இல்லை. அடுத்த மாதம் அதே பிள்ளைகளோடு மறுபடியும் போகிறோம். இம்முறை அந்தத் தாத்தாவும் வருகிறார்.